கருவி சரி என்கிறது, முட்கள் தவறு என்கின்றன: 17 ஜுவல், 18000 என்ற எண்களைப் படித்த கதை

பழைய யூனிடாஸ் 6497 மெஷின் பொருத்திய கைச்சாவிக் கடிகாரம் ஒன்று என் மேசையில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது. இப்போது சரியான நேரம் காட்டுகிறது. கடிகார மெஷின்களின் விவரக்குறிப்பில் வரும் இரண்டு எண்களை, அதாவது எத்தனை ஜுவல், ஒரு மணிக்கு எத்தனை அதிர்வு என்பவற்றை, அதன் கோளாறைத் தேடிப் பிடித்த வழியில்தான் நான் ஒழுங்காகப் படிக்கக் கற்றேன். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கடிகாரத்தை இணையத்தில் பழைய பொருளாக வாங்கினேன். விலை ஒன்பதாயிரம் ரூபாய். விற்றவர் கொடுத்த குறிப்பில் "யூனிடாஸ் 6497, 17 ஜுவல், 21600" என்று இருந்தது. பெரிய மெஷின், குறுக்களவு 36.6 மில்லிமீட்டர், தடிமன் 4.5 மில்லிமீட்டர். முதலில் பாக்கெட் கடிகாரங்களுக்காக வந்தது என்பதால் பாகங்கள் கண்ணுக்கும் கைக்கும் தாராளமானவை. பழுது பார்க்கக் கற்றுக்கொள்பவர்கள் இதில் தொடங்குவதற்கு அதுவே காரணம். விநாடி முள் ஒன்பது மணி எண்ணின் பக்கம் தனியாக ஒரு சிறு வட்டத்தில் ஓடும். அந்தச் சிறு முள்தான் பின்னால் முழுக் கோளாறையும் காட்டிக்கொடுத்தது.

வந்த அன்று முழுச் சாவி கொடுத்து டைம்கிராஃபரில் வைத்தேன். டைம்கிராஃபர் என்பது கடிகாரத்தின் டிக் ஒலியை மைக் வழியாகக் கேட்டு, ஒரு நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று சொல்லும் கருவி. நான் வாங்கியபோது பதினான்காயிரம் ரூபாய் ஆனது. என் கருவிகளில் அதிக விலை கொடுத்தது இதற்குத்தான். திரையில் வந்தவை: அதிர்வு 21600, நாளைக்கு நான்கு விநாடி முந்தல், உள்ளே ஆடும் பேலன்ஸ் சக்கரம் நடுவிலிருந்து ஒரு பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்னும் வீச்சு 284 பாகை. கோடு நேராக, சுத்தமாக இருந்தது. இதைவிட நல்ல அளவீட்டை ஒரு பழைய கடிகாரத்திடம் எதிர்பார்க்க முடியாது.

கையில் கட்டிக்கொண்டு வெளியே போய்வந்தேன். இரண்டு மணி நேரத்துக்குள் கடிகாரம் இருபது நிமிடங்களுக்கு மேல் முன்னால் போயிருந்தது.

கடிகாரம் வேகமாக ஓடினால் முதலில் காந்தத்தைச் சந்தேகிப்பது வழக்கம். பேலன்ஸ் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டும் மயிரிழை போன்ற சுருளைக் கடை வழக்கில் ஹேர் ஸ்பிரிங் என்போம். அது காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டினால் சுருளின் நீளம் குறைந்ததற்குச் சமம், கடிகாரம் விரையும். காந்தநீக்கியில் வைத்து எடுத்தேன். மாற்றமே இல்லை. எண்ணெய் சிந்திச் சுற்றுகள் ஒட்டியிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்தேன். சுற்றுகள் சீராக மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கின. அதோடு இவை இரண்டுமே பேலன்ஸின் கோளாறுகள். பேலன்ஸ் விரைந்தால் டைம்கிராஃபர் அதைக் கேட்டே ஆக வேண்டும். அது நான்கு விநாடி என்கிறது, முட்களோ மணிக்கணக்கில் ஓடுகின்றன.

நிமிட முள்ளைப் பிடித்திருக்கும் கேனன் பினியன் தளர்ந்திருக்குமோ என்று அடுத்துத் தோன்றியது. ஆனால் அது தளர்ந்தால் முள் வழுக்கிப் பின்தங்கும், முந்தாது. ஆகவே அதையும் ஒதுக்கினேன்.

பிறகுதான் எளிய சோதனையைச் செய்தேன். தொலைபேசியின் நிறுத்துக்கடிகாரத்தை ஓடவிட்டு, சிறு விநாடி முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தேன். 50 விநாடி. பத்துச் சுற்றுக்கு எடுத்துப் பார்த்தேன், 500 விநாடி. நிமிட முள்ளையும் ஒரு மணி நேரம் கவனித்தேன். சரியாகப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் நின்றது. நாளைக்கு நான்கு மணி 48 நிமிடம்.

இவ்வளவு முழுமையான எண் வந்தால் அது தேய்மானமோ அழுக்கோ அல்ல, விகிதம். 60-க்கு 50 என்றால் 6-க்கு 5. 21600-ஐ 18000-ஆல் வகுத்தாலும் அதே 6-க்கு 5தான். இதைத் தாளில் எழுதிப் பார்த்த நிமிடத்தில் கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பது எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் பிரித்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டியிருந்தது.

இங்கே அதிர்வு எண் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பேலன்ஸ் ஒரு பக்கம் போவது ஒரு அதிர்வு, திரும்பி வருவது இன்னொரு அதிர்வு. ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு டிக். மணிக்கு 18000 என்றால் விநாடிக்கு ஐந்து டிக். 21600 என்றால் ஆறு. இன்றைய பல தானியங்கிக் கடிகாரங்களின் 28800 என்றால் எட்டு. எச்.எம்.டி. ஜனதா வைத்திருந்தவர்கள் காதில் வைத்துக் கேட்டது விநாடிக்கு ஐந்து என்ற அந்த 18000 ஓசையைத்தான். சிலர் இதையே ஹெர்ட்ஸில் எழுதுவார்கள். அங்கே போய்வருவது இரண்டும் சேர்ந்துதான் ஒன்று. எனவே 18000 என்பது 2.5 ஹெர்ட்ஸ், 21600 என்பது 3 ஹெர்ட்ஸ்.

இந்த எண் பேலன்ஸுக்கு மட்டும் சொந்தமானது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். உண்மையில் ஒரு மெஷினுக்குள் அது இரண்டு இடங்களில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று, பேலன்ஸும் ஹேர் ஸ்பிரிங்கும் சேர்ந்து எந்த வேகத்தில் ஆடுகின்றன என்பது. மற்றொன்று, சக்கரங்களின் பல் விகிதம் எத்தனை டிக்குக்கு விநாடி முள்ளை ஒரு சுற்றுச் சுற்றவைக்கிறது என்பது. தொழிற்சாலையிலிருந்து வந்த மெஷினில் இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும். யாராவது ஒரு பாகத்தை மாற்றியிருந்தால் இரண்டும் பிரிந்துவிடலாம். டைம்கிராஃபர் கேட்பது முதல் எண்ணை மட்டுமே. முட்களை அது பார்ப்பதில்லை. அதைத் தானாகக் கண்டறியும் முறையில் விட்டால், கேட்ட ஒலிக்கு அருகில் உள்ள வழக்கமான எண்ணைத் தேர்ந்துகொண்டு, அந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் முந்தல் பிந்தல் சொல்லும். என் கருவி 21600-ஐத் தேர்ந்துகொண்டது. அந்தக் கணக்கில் நான்கு விநாடி என்பது உண்மைதான்.

கருவியைக் கைமுறைக்கு மாற்றி 18000 என்று அமைத்தேன். திரையில் கோடு இல்லை. புள்ளிகள் மழைத்தூறல்போல் சிதறின. நாளைக்கு 17280 விநாடி முந்துவதை எழுதிக்காட்ட அதன் அளவுகோலில் இடமே கிடையாது.

பின்மூடியைத் திறந்து பேலன்ஸுக்குப் பக்கத்தில் பொறித்திருந்ததைப் படித்தேன். "6497" மட்டும்தான் இருந்தது. அதற்குப் பின் கோடும் எண்ணும் இல்லை. இந்தச் சிறு விவரம் முக்கியமானது. யூனிடாஸ் பெயரில் வந்த பழைய 6497, பின்னர் ஈ.டி.ஏ. பெயரில் வந்த 6497-1 இரண்டும் 18000. அதற்குப் பிறகு வந்த 6497-2 மட்டுமே 21600. விற்றவர் புதிய வகையின் குறிப்பைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும், அல்லது என்னைப்போல் டைம்கிராஃபரில் வைத்துப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். விவரக்குறிப்பைத் தேடும்போது முதன்மை எண்ணோடு நிறுத்தாமல் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண் வரை பொருத்திப் பார்ப்பது அவசியம். அளவும் வடிவும் ஜுவல் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருக்கும். ஓட்டம் வேறாக இருக்கும்.

சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடான பிரிட்ஜில் "17 ஜுவல்" என்று பொறித்திருந்தது. அது இரண்டு வகைக்கும் பொருந்துவதால் என் கேள்விக்கு விடை தரவில்லை. ஆனாலும் பிரிக்கப்போகிறோம், எண்ணிவிடுவோம் என்று முடிவு செய்தேன். பழைய கடிகாரத்தில் பொறித்த எண்ணும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது நல்லது.

பிரிப்பதற்கு முன் மெயின் ஸ்பிரிங்கில் இருக்கும் சாவியை இறக்க வேண்டும். சாவி கொடுக்கும் திருகியை விரலில் பிடித்துக்கொண்டு, பல்லைத் தடுக்கும் சிறு கொக்கியை விலக்கி, விரலுக்கு இடையில் மெதுவாகத் திரும்பவிட வேண்டும். இதைச் செய்யாமல், சக்கரங்களை டிக்குக்கு டிக் தடுத்து விடும் சிறு நெம்பான பேலட்டை எடுத்தால் மொத்தச் சக்கர வரிசையும் ஒரே வீச்சில் சுழன்று நுனிகளை உடைத்துவிடும். பிறகு பேலன்ஸ், பேலட், சக்கர பிரிட்ஜ் என்ற வரிசையில் எடுத்தேன். பயன்படுத்தியவை 1.2, 1.6 மில்லிமீட்டர் திருப்புளிகள், நுனி தீட்டிய ஒரு ட்வீசர், பத்து மடங்கு உருப்பெருக்கி.

ஜுவல் என்பது சக்கர அச்சின் நுனி உட்காரும் சிவப்புக் கல். செயற்கை மாணிக்கம். எஃகு நுனி பித்தளையில் சுழன்றால் துளை நீள்வட்டமாகத் தேயும். மாணிக்கத்தில் தேயாது, எண்ணெயும் இடத்தில் நிற்கும். கல்லுக்காக இதை யாரும் விலைக்குக் கேட்கமாட்டார்கள். பழைய கடிகாரத்தை "ஜுவல் உள்ளது" என்று நகைபோலப் பேசி விற்பவர்களிடம் விலகியிருங்கள்.

17 எப்படி வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே எண்ணிவிடலாம். பிரிட்ஜ் பக்கத்திலிருந்து பார்த்தால் ஆறு இடங்களில் சிவப்பு தெரியும்: நடுச்சக்கரம், மூன்றாம் சக்கரம், விநாடி முள்ளைச் சுமக்கும் நான்காம் சக்கரம், தப்புச் சக்கரம், பேலட், பேலன்ஸ். திருப்பி டயல் பக்கம் பார்த்தால் அதே ஆறின் மறுமுனைகள். ஆகப் பன்னிரண்டு. பேலன்ஸின் இரண்டு முனைகளிலும் துளைக்கல்லின் மேல் மூடிக்கல் ஒன்று அடுக்காக உட்கார்ந்திருக்கும். அதிர்ச்சி தாங்கும் சிறு வில்லைத் திறந்தால்தான் இரண்டும் தனியாகத் தெரியும். அவை இரண்டு சேர்ந்து பதினான்கு. பேலட் கரங்களின் நுனியில் சாய்வாகப் பதித்த இரண்டு கற்கள், பேலன்ஸின் அடியில் பேலட் கவையைத் தட்டும் ஒரு சிறு கல் குச்சி. பதினேழு. நான் எண்ணியபோதும் பதினேழு வந்தது. விரிசல் எதுவும் இல்லை. மூன்றாம் சக்கரத்தின் கீழ்க்கல்லில் மட்டும் எண்ணெய் கறுத்து இறுகியிருந்தது.

கைச்சாவிக் கடிகாரத்துக்கு இந்தப் பதினேழு போதும். நடுச்சக்கரத்தின் இரண்டையும் விட்டுவிட்டால் 15 ஜுவல் கடிகாரம். அதில் நடுச்சக்கரம் மெதுவாகச் சுற்றினாலும் மெயின் ஸ்பிரிங்கின் விசை அதன்மேல்தான் அதிகம் விழுகிறது. பித்தளைத் துளை ஒரு பக்கமாகத் தேய்ந்து சக்கரம் சாயும். வெறும் 7 என்றால் பேலன்ஸின் ஐந்தும் பேலட்டின் இரண்டு நுனிக் கற்களும் மட்டும். தானியங்கி மெஷின்களில் எண்ணிக்கை கூடுவது பெரும்பாலும் கை அசைவால் சாவி ஏறும் பகுதிக்குக் கல் தேவைப்படுவதால்தான். ஈ.டி.ஏ. 2824-2-இல் 25 இருப்பதை வைத்து அதன் நேரம் 17 ஜுவல் கடிகாரத்தைவிடத் துல்லியம் என்று முடிவு செய்ய முடியாது. ஒரு காலத்தில் வேலையே இல்லாத இடங்களில் கல்லைப் பதித்து நூறு வரை எண்ணிக்கையை உயர்த்தினார்கள். ஓரியன்ட் நிறுவனத்தின் கிராண்ட் பிரி 100 அப்படி வந்தது. வேலை செய்யும் கல், செய்யாத கல் என்று பிரித்துச் சொல்லும் சர்வதேசத் தரநிலை இப்போது இருக்கிறது. ஜுவல் எண்ணைப் படிக்கும்போது நான் இப்போது கேட்கும் ஒரே கேள்வி, அந்தக் கற்கள் எந்தெந்த அச்சில் இருக்கின்றன என்பதுதான்.

இனி என் கேள்விக்கு வந்தேன். சக்கர வரிசை எந்த எண்ணுக்குச் செய்யப்பட்டது?

நான்காம் சக்கரத்தையும் தப்புச் சக்கரத்தையும் மட்டும் அவற்றின் இடத்தில் வைத்து பிரிட்ஜை மூடினேன். மூன்றாம் சக்கரமும் பேலட்டும் வெளியே. இப்போது நான்காம் சக்கரத்தைத் திருப்பினால் தப்புச் சக்கரம் தடையில்லாமல் சுற்றும். தப்புச் சக்கரத்தின் ஒரு பல்லில் நீல மார்க்கரால் ஒரு புள்ளி. மெஷினைச் செங்குத்தாகப் பிடியில் நிறுத்தி, டயல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நான்காம் சக்கர அச்சில் விநாடி முள்ளை மாட்டினேன். தீட்டிய மரக்குச்சியால் முள்ளின் அடியைத் தள்ளி ஒரு முழுச் சுற்று. மறுபக்கம் நீலப் புள்ளி பத்து முறை வந்துபோனது. மீண்டும் செய்தேன், பத்து.

தப்புச் சக்கரத்தில் 15 பற்கள். ஒவ்வொரு பல்லும் பேலட்டின் இரண்டு கற்களையும் ஒருமுறை தள்ளுவதால் ஒரு பல்லுக்கு இரண்டு டிக். கணக்கு இவ்வளவுதான்:

```
10 × 15 × 2 = 300   (ஒரு நிமிடத்துக்கு)
300 × 60 = 18000    (ஒரு மணிக்கு)
```

சக்கரங்கள் 18000-க்குச் செய்யப்பட்டவை. பேலன்ஸ் 21600-க்குச் செய்யப்பட்டது. எப்போதோ ஒரு பழுதின்போது பேலன்ஸ் முழுதாக மாற்றப்பட்டிருக்கிறது. புதிய வகையின் பேலன்ஸ் அளவில் பொருந்தியிருக்கிறது, ஓடியிருக்கிறது, டைம்கிராஃபரிலும் நல்ல எண் காட்டியிருக்கிறது. முட்களை ஒரு மணி நேரம் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பல்லை எண்ணித்தான் தீர வேண்டும் என்றில்லை. நான்காம் சக்கரப் பற்களைத் தப்புச் சக்கரத்தின் சிறு பல்லுருளைப் பற்களால் வகுத்தாலும் அதே பத்து வரும். எடுத்துக்காட்டாக 80-ஐ 8-ஆல். ஆனால் சிறு பற்களை உருப்பெருக்கியில் எண்ணும்போது தொடங்கிய இடம் தவறிவிடுகிறது. சுற்றை எண்ணுவது பிழைக்காது.

இன்னொரு தடயமும் இப்போது விளங்கியது. வந்த புதிதில் முழுச் சாவிக்கு 38 மணி நேரம்தான் ஓடியது. 6497-1-இன் விவரக்குறிப்பு 46 மணி நேரம் என்கிறது. மெயின் ஸ்பிரிங் களைத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். 46-ஐ 1.2-ஆல் வகுத்தால் 38.3. ஸ்பிரிங்கில் குறையில்லை, அதே எண்ணிக்கை டிக்குகளை வேகமாகச் செலவழித்துவிட்டது. அந்த 38 மணி நேரத்தில் முட்கள் 46 மணி நேரம் நகர்ந்திருந்தன.

முந்தல் பிந்தலை நெறிப்படுத்தும் கரத்தை நகர்த்தி இதைச் சரிசெய்யலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடியாது. அந்தக் கரம் நாளைக்குச் சில நிமிட அளவு மாற்றத்துக்கு மட்டுமே. ஒரே பேலன்ஸ் சக்கரத்தை 2.5 ஹெர்ட்ஸிலிருந்து 3 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோக ஹேர் ஸ்பிரிங்கின் விறைப்பு 1.44 மடங்காக வேண்டும். வேகம் 1.2 மடங்கு என்றால் விறைப்பு அதன் வர்க்கம். அது வேறு ஸ்பிரிங். கரத்தால் நகர்த்தும் தூரம் அல்ல.

வழிகள் இரண்டு இருந்தன. 21600-க்கான சக்கரங்களை வாங்கிப் போடலாம், அல்லது 18000-க்கான பேலன்ஸை. பொறித்த எண்ணுக்குப் பொருந்துவது இரண்டாவது. அதுவே போதும் என்று முடிவு செய்தேன். ஓடாத 6497-1 மெஷின் ஒன்று பாகங்களுக்காக விற்பனைக்கு வந்தது. 3,200 ரூபாய். அதன் மெயின் ஸ்பிரிங் உடைந்திருந்தது. பேலன்ஸ் நன்றாக ஆடியது. வாங்குமுன் அந்த விற்பனையாளரிடம் பேலன்ஸ் பக்கத்தின் பொறிப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "-1" தெளிவாகத் தெரிந்த பிறகே பணம் அனுப்பினேன்.

மாற்றுவதற்கு முன் சர்வீஸ் செய்தேன். பாகங்களை வெள்ளைப் பெட்ரோலில் இரண்டு முறை கழுவி, கல் துளைகளைத் தீட்டிய மரக்குச்சியால் துடைத்து, வேகமாகச் சுழலும் நுனிகளுக்கு மோபியஸ் 9010 எண்ணெய் விட்டேன். மெதுவாகச் சுற்றும் நடுச்சக்கரத்துக்குக் கெட்டியான எண்ணெய். பேலட் அச்சின் நுனிகளுக்கு எண்ணெய் கிடையாது. அங்கே விட்டால் ஆட்டம் கனத்துவிடும்.

புதிய பேலன்ஸை இறக்கியதும் அது தானாக ஆடத் தொடங்கியது. டைம்கிராஃபரில் வைக்குமுன் இன்னோர் அமைப்பைத் திருத்த வேண்டியிருந்தது: லிஃப்ட் கோணம். பேலன்ஸ் ஒவ்வொரு டிக்கிலும் பேலட்டோடு தொடர்பில் இருக்கும்போது எத்தனை பாகை திரும்புகிறது என்பதே அது. மெஷினுக்கு மெஷின் மாறும். கருவி பேலன்ஸின் வீச்சைப் பார்ப்பதில்லை. டிக்கின் முதல் ஓசைக்கும் கடைசி ஓசைக்கும் இடையே உள்ள மிகச் சிறு நேரத்தை அளந்து, நாம் கொடுத்த கோணத்தை வைத்து வீச்சைக் கணக்கிடுகிறது. என் கருவியை முடுக்கினால் 52 பாகையில் நிற்கும். 6497-க்கு உரியது 44. கோணம் கூடினால் வீச்சும் அதே விகிதத்தில் கூடித் தெரியும். ஆகவே முதல் நாள் நான் பார்த்த 284 பாகை உண்மையில் 240:

```
284 × 44 / 52 ≈ 240
```

284 என்றால் நல்ல நிலையில் உள்ள கடிகாரம், தொட வேண்டாம். முழுச் சாவியில் படுக்கை நிலையிலேயே 240 என்றால் எண்ணெய் பழசாகிவிட்டது, பிரித்துக் கழுவ வேண்டும். ஒரே அளவீடு, இரண்டு வெவ்வேறு முடிவுகள். விவரக்குறிப்புப் பட்டியலில் அதிர்வுக்குப் பக்கத்தில் லிஃப்ட் கோணமும் இருந்தால் அதையும் எழுதி எடுத்துக்கொள்வது இதனால்தான்.

44 என்று அமைத்து, அதிர்வைக் கைமுறையாக 18000 என்று பூட்டி வைத்தேன். முதல் அளவீடு: நாளைக்கு 35 விநாடி பிந்தல், வீச்சு 278, இரண்டு பக்க ஆட்டத்துக்கும் இடையே உள்ள நேர வேறுபாடு 2.1 மில்லிவிநாடி. ஹேர் ஸ்பிரிங்கின் வெளிமுனையைப் பிடித்திருக்கும் கரத்தை மயிரிழை அளவு நகர்த்தி அந்த வேறுபாட்டை 0.4-க்குக் கொண்டுவந்தேன். பிறகு நெறிப்படுத்தும் கரத்தால் முந்தலை ஆறு விநாடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். திருகி கீழ்நோக்கிய நிலையில் பிந்துகிறது என்பதால் கொஞ்சம் முந்தலில் விட்டேன். செங்குத்தில் வீச்சு 250.

கருவி சொன்னதோடு இந்த முறை நிறுத்தவில்லை. விநாடி முள்ளை நிறுத்துக்கடிகாரத்தோடு ஒப்பிட்டேன்: பத்துச் சுற்றுக்கு 600 விநாடி. ஒரு இரவு முழுவதும் விட்டு காலையில் பார்த்தபோது நிமிட முள் இடத்தில் இருந்தது. முழுச் சாவிக்கு 45 மணி நேரம் ஓடி நின்றது. பழைய மெயின் ஸ்பிரிங்தான், மாற்றவில்லை.

செலவு: பாக மெஷினுக்கு 3,200, எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் பங்கு போட்டால் இருநூறு ரூபாய்க்குள். உடைந்த ஸ்பிரிங்கைத் தவிர அந்தப் பாக மெஷினின் மற்ற எல்லாம் நல்ல நிலையில் இருப்பதால் அது வீணாகவில்லை.

அடுத்த முறை வரிசையை மாற்றுவேன். பழைய கைச்சாவிக் கடிகாரம் வந்தால் முதலில் விநாடி முள்ளைப் பத்துச் சுற்று நிறுத்துக்கடிகாரத்தோடு ஓடவிடுவேன். விநாடி முள் இல்லாவிட்டால் நிமிட முள்ளை ஒரு மணி நேரம். அடுத்துப் பின்மூடியைத் திறந்து மெஷின் எண்ணைக் கடைசி இலக்கம் வரை படித்து, அதற்குரிய அதிர்வையும் லிஃப்ட் கோணத்தையும் கருவியில் கையால் அமைப்பேன். டைம்கிராஃபர் அதற்குப் பிறகுதான். கருவி இல்லாதவர்கள் தொலைபேசியின் மைக்கைப் பின்மூடியில் அழுத்திப் பத்து விநாடி பதிவு செய்து, ஒலித்தொகுப்பு மென்பொருளில் விரித்து முகடுகளை எண்ணலாம்: 50 வந்தால் 18000, 60 வந்தால் 21600. அந்த எண்ணையும் விநாடி முள்ளின் சுற்று நேரத்தையும் சேர்த்துப் பார்த்தாலே இந்தக் கோளாறு பத்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். ஒரு திருப்புளியும் தேவைப்பட்டிருக்காது.

கழற்றிய பேலன்ஸைச் சிறு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே "6497-2 வகை, 21600, 18000 சக்கரத்தில் போடக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.